12 பெரிதா, 10 பெரிதா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள், பக்கத்தில் போனில் கல்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

2023 டிசம்பர் விடுமுறையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அன்ரி வீட்டுக்கு வந்தார். வெள்ளவத்தையில் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஈ.பி.எஃப். காசில் செலவெல்லாம் போக 10 லட்சம் மிச்சம். பேத்தி அப்போது ஒன்பதாம் தரம். அவள் ஏ.எல். முடிக்கும்போது படிப்புச் செலவுக்கு அந்தக் காசு வேண்டும், அதுவரை தொடுவதில்லை என்று முடிவு. கையில் வங்கியில் கொடுத்த ஒரு தாள் இருந்தது.

"பிள்ளை, ஐந்து வருஷத்துக்குப் போட்டால் 12 வீதம் என்று சொல்லுகினம். ஒரு வருஷத்துக்கு 10தான். திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போறன். நீர் கணக்கு ரீச்சர்தானே, ஒருக்காப் பாரும்."

நான் பார்த்துவிட்டு உடனே சொல்ல நினைத்தது என்ன தெரியுமா? "12 தான் அன்ரி, இதில் என்ன யோசனை?" பதினோராம் தரத்துக்குக் கூட்டு வட்டி படிப்பிக்கிற நான்! தாளை இரண்டாம் தரம் பார்த்தபோதுதான் 12க்குப் பக்கத்துக் கட்டத்தில் சின்ன எழுத்தில் 9.86 என்று இருந்ததைக் கண்டேன். அன்ரி அதைக் காணவில்லை. வங்கியில் யாரும் காட்டவும் இல்லை.

அந்த 9.86 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

அதற்கு முன் ஒன்று. "ரிபா பற்றி ஒரு முஸ்லிம் டீச்சர் எழுதலாமா?" என்று கீழே யாராவது கேட்பீர்கள், தெரியும். என் பெயரில் எஃப்.டி. கிடையாது. நான் ஆலிமாவும் இல்லை, மார்க்கத் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் இது இருக்கிறது, என் வகுப்பில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு அன்ரிக்கு இது அவருடைய வாழ்நாள் காசு. நாங்கள் விலகி நிற்கிற விஷயம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து விலகுவதும் நல்லதுதானே.

சரி, கணக்குக்கு வருவோம்.

அன்ரியின் தாளில் ஐந்து வருட வைப்புக்கு நேரே "முதிர்வில் வட்டி" என்று போட்டிருந்தது. அதாவது ஐந்து வருடமும் வங்கி ஒரு சதமும் தராது, கடைசியில் மொத்தமாகத் தரும். எவ்வளவு? 10 லட்சத்துக்கு 12 வீதம் என்றால் வருடத்துக்கு 120,000. ஐந்து வருடத்துக்கு 600,000. முதலோடு சேர்த்து 1,600,000. அவ்வளவுதான். முதல் வருடம் சேர்ந்த 120,000 நாலு வருடம் வங்கியிலேயே கிடக்கிறது, ஆனால் அதற்கு வட்டி இல்லை. இது எளிய வட்டி. "நிலையான வைப்பு" என்றாலே கூட்டு வட்டி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அப்படி ஒரு சட்டமும் கிடையாது.

இப்போது பத்து வீத, ஒரு வருட வைப்பைப் பாருங்கள். வருட முடிவில் 100,000 வட்டி வரும். அதை எடுக்காமல் முதலோடு சேர்த்து அடுத்த வருடத்துக்குப் புதுப்பித்தால், இரண்டாம் வருடம் வட்டி 10 லட்சத்துக்கு அல்ல, 11 லட்சத்துக்கு. இப்படியே அதே வீதத்தில் போனால்:

முதல் வருட முடிவில் 1,100,000
இரண்டாம் வருடம் 1,210,000
மூன்றாம் வருடம் 1,331,000
நான்காம் வருடம் 1,464,100
ஐந்தாம் வருடம் 1,610,510

12 வீதம் 1,600,000 தருகிறது. 10 வீதம் 1,610,510 தருகிறது. சின்ன வீதம் பெரிய வீதத்தை 10,510 ரூபாயால் முந்திவிட்டது.

அன்ரி நம்பவில்லை. கணக்குப் பிரிவில் 30 வருடம் இருந்தவர், தானே பேனையை எடுத்து ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இதில் எப்போது முந்துகிறது என்பதுதான் எனக்குச் சுவையான இடம். 12 வீத எளிய வட்டியை அதே மாதிரி வருடம் வருடமாக எழுதினால் 1,120,000, 1,240,000, 1,360,000, 1,480,000, 1,600,000 என்று போகும். நாலாம் வருட முடிவு வரைக்கும் 12தான் முன்னால். அங்கே 1,480,000, இங்கே 1,464,100. கடைசி வருடத்தில்தான் நிலைமை மாறுகிறது. அந்த ஒரு வருடத்தில் எளிய வட்டி வழக்கம்போல 120,000 கூட்ட, கூட்டு வட்டி 146,410 கூட்டுகிறது. அதனால்தான் இரண்டு, மூன்று வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு "பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் சீக்கிரமே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொரு பக்கத்தாலும் பார்க்கலாம். எளிய வட்டியில் ஐந்தாம் வருடம் வங்கியிடம் ஏற்கெனவே அன்ரியின் 1,480,000 இருக்கிறது. அதற்கு அந்த வருடம் கிடைப்பது 120,000. 120,000ஐ 1,480,000ஆல் பிரித்தால் ஏறக்குறைய 8.1 வீதம். முதல் வருடம் உண்மையாகவே 12. இரண்டாம் வருடம் 10.7. பிறகு 9.7, 8.8, 8.1 என்று இறங்கிக்கொண்டே போகிறது. பலகையில் மட்டும் ஐந்து வருடமும் 12.

இந்த ஐந்தையும் ஒரே வீதமாக மாற்றிச் சொன்னால் வருவதுதான் அந்தச் சின்ன எழுத்து 9.86. அதாவது, வருடா வருடம் முதலோடு வட்டியைச் சேர்த்து 10 லட்சத்தை ஐந்து வருடத்தில் 16 லட்சமாக்க என்ன வீதம் வேண்டும்? 9.86 போதும். சந்தேகம் என்றால் 1.0986ஐ ஐந்து தரம் பெருக்கிப் பாருங்கள், 1.6ஐ ஒட்டி வரும். வங்கிகளின் வட்டிப் பட்டியலில் இதற்கு ஏ.ஈ.ஆர். என்று பெயர், வருடத்துக்கு உண்மையில் விழுகிற வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருட வைப்பில் வட்டி முதிர்வில் வந்தால் இரண்டு கட்டத்திலும் ஒரே இலக்கம் இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. பல வருட வைப்பில் ஏ.ஈ.ஆர். கீழே இறங்கியிருந்தால், உங்களுக்குத் தரப்போவது எளிய வட்டி என்று அர்த்தம்.

மாத வட்டி எடுக்கிறவர்களுக்கு இதே கட்டம் மறுபக்கமாக ஏறியிருக்கும். முதிர்வில் 8 வீதம் தருகிற ஒரு வருட வைப்புக்கு, மாதா மாதம் எடுத்தால் 7.72 என்று போட்டிருப்பார்கள். "மாத வட்டி எடுக்கிறதால வெட்டுறாங்க" என்று ஒரு ராத்தா என்னிடம் கோபப்பட்டிருக்கிறார். வெட்டவில்லை. 7.72ஐ மாதா மாதம் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் வருட முடிவில் 8தான் வரும், ஏ.ஈ.ஆர். கட்டத்திலும் 8 என்றுதான் இருக்கும். ஆனால் அந்த மாத வட்டியை எடுத்து மின்சார பில்லுக்கும் மருந்துக்கும் செலவழிக்கிறவருக்கு அது ஒருநாளும் 8 ஆவதில்லை. அவருக்கு நடப்பது எளிய வட்டி. அதில் பிழை ஒன்றும் இல்லை, சாப்பாட்டுக்குக் காசு வேண்டுமென்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பிழை, செலவுக்கு எடுத்துக்கொண்டே "எஃப்.டி. வளருது" என்று நினைப்பது.

இங்கே என் தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, சூத்திரத்தைக் கடைசியில் எழுது, முதலில் பிள்ளையை வருடம் வருடமாகச் செய்ய விடு என்று. பாடசாலைக்கு வந்த பிறகு பரீட்சை அவசரத்தில் நானே தலைகீழாகச் செய்தேன். முதல், வீதம், வருடம், பெருக்கு, விடை. என் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுப்பார்கள். அதே பிள்ளைகளிடம் காலி வீதியில் ஏதாவது ஒரு வங்கி வாசலில் இருக்கும் பலகையைக் காட்டி, "இதில் எது கூட்டு வட்டி?" என்று கேட்டால் முழிப்பார்கள். ஏனென்றால் வினாத்தாளில் "கூட்டு வட்டி" என்ற சொல் எழுதியிருக்கும். பலகையில் எழுதியிருக்காது. வட்டி எப்போது முதலோடு சேர்கிறது என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன்.

அன்று 1,610,510 என்ற விடையைக் கண்டதும் எனக்குப் பெரிய சந்தோஷம். "அன்ரி, ஐந்து வருடத்துக்குக் கட்டாதீர்கள். ஒரு வருடம் ஒரு வருடமாகப் போட்டு, வட்டியோடு புதுப்பியுங்கள்" என்று சொல்லிவிட்டேன். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் நான் யோசிக்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தேன்: ஐந்து வருடமும் 10 வீதமே இருக்கும் என்று. வகுப்பறைக் கணக்கில் அப்படித்தான் இருக்கும். இலங்கையில்?

2022இல் நாடு விழுந்தபோது மத்திய வங்கி வட்டி வீதங்களை எப்படி ஏற்றியது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏப்ரலில் ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி. ஒரு வருட வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் கொடுத்த காலம் அது. (அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், அதனால் 20 வீதம் வாங்கியவரும் உண்மையில் தேய்ந்துகொண்டுதான் இருந்தார்.) 2023 மார்ச்சில் மத்திய வங்கியின் வைப்பு வசதி வீதம் 15.5. ஜூனில் 13, ஜூலையில் 11, ஒக்டோபரில் 10, நவம்பரில் 9. அன்ரி என் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம். வீதம் சறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நின்றுகொண்டு, "10 அப்படியே இருக்கும்" என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன்!

அன்ரி என்னைவிடக் கெட்டிக்காரி. "நீர் சொல்றது சரி பிள்ளை, ஆனா அடுத்த வருஷம் இவங்கள் 10 தருவாங்களோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. கடைசியில் அவரே பாதி பாதியாகப் பிரித்தார். 5 லட்சம் ஐந்து வருடத்துக்கு 12இல். மற்ற 5 லட்சம் ஒரு வருடத்துக்கு 10இல், வட்டியோடு புதுப்பிக்கச் சொல்லி.

வரியைக் கழிக்காமல் பார்த்தால் நடந்தது இதுதான். புதுப்பிக்கிற பாதி முதல் வருடம் 550,000 ஆனது. 2024 டிசம்பரில் கிடைத்த வீதம் 8, அதனால் போன டிசம்பரில் 594,000. மறுபடியும் 8க்குப் போட்டிருக்கிறார். இனி கடைசி வரை 8 என்றே வைத்தால், 641,520, 692,842, முடிவில் 748,269. எளிய வட்டியில் கிடக்கும் மற்றப் பாதி 800,000. நான் சொன்னபடி முழு 10 லட்சத்தையும் வருடா வருடம் புதுப்பித்திருந்தால் கையில் 1,496,538தான் வந்திருக்கும். அந்த "ஏமாற்று" 12 வீதத்தைவிட ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு.

அப்படியானால் வங்கி சொன்னதுதான் சரியா? இல்லை. வங்கி 9.86ஐ 12 என்று காட்டியது. ஆனால் அந்த 9.86 ஐந்து வருடத்துக்கும் எழுத்தில் கொடுத்த வாக்கு. என்னுடைய 10 ஒரு வருடத்துக்கு மட்டுமான வாக்கு, மிச்ச நாலு வருடத்தையும் நான்தான் நிரப்பிக்கொண்டேன். கூட்டு வட்டிக் கணக்குச் சரியாக வர இரண்டும் வேண்டும்: வட்டி முதலோடு சேர வேண்டும், சேர்ந்த பிறகும் வீதம் நிற்க வேண்டும். நான் முதலாவதை மட்டும் பார்த்தேன். வீதம் ஏறுகிற காலமாக இருந்திருந்தால் என் ஆலோசனை நன்றாக வென்றிருக்கும், நானும் இப்போது பெரிய நிபுணியாக எழுதிக்கொண்டிருப்பேன்.

வரியும் இந்தக் கணக்கில் கை வைக்கிறது. வைப்பு வட்டியில் 2023 ஜனவரியிலிருந்து 5 வீதம் கழித்தார்கள், 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம். வருடா வருடம் வட்டி கொடுக்கும்போது கழித்தால், 10 வீத வட்டியில் 9தான் முதலோடு சேரும். ஐந்து வருடத்தில் 1,610,510 வர வேண்டிய இடத்தில் 1,538,624 வரும். ஐந்து வருட முதிர்வு வைப்பில் கடைசியில் ஒரே தரம் 600,000இல் 60,000 கழித்தால் 1,540,000. பாருங்கள், வரிக்கு முன்னால் கூட்டு வட்டி 10,510 ரூபாயால் வென்றது, வரிக்குப் பிறகு 1,376 ரூபாயால் தோற்கிறது. கழிக்கிற காசு சீக்கிரம் போனால் அதன் குட்டியும் போய்விடுகிறது. வருட வருமானம் 18 லட்சத்துக்கு மேல் போகாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் இந்த 10 வீதத்தைக் கழிக்க மாட்டார்கள். எங்கள் பகுதியில் எத்தனை வயதானவர்கள் அந்தப் படிவத்தைக் கொடுக்காமலே இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்ரியிடம் இன்னொன்றையும் கேட்கச் சொன்னேன்: இடையில் எடுத்தால் என்ன? ஐந்து வருட வைப்பை முன்கூட்டியே உடைத்தால் 12 கிடைக்காது, வைத்திருந்த காலத்துக்குக் குறைந்த வீதத்தில் திருப்பிக் கணக்குப் போடுவார்கள். மாத வட்டி எடுத்தவர் உடைத்தால் கூடுதலாகக் கொடுத்த வட்டியை முதலிலிருந்தே கழிப்பார்கள். வருத்தம், கலியாணம் என்று எப்போது காசு தேவைப்படும் என்று தெரியாதவர் முழுவதையும் ஐந்து வருடத்துக்குக் கட்டிவிட்டு 12 என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் ஆட்களுக்கு இரண்டு வார்த்தை. இஸ்லாமிய முறையில் முழாரபா முதலீடு செய்கிறவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இலாபத்தை முதலோடு சேர்க்கிறார்களா, கணக்குக்கு அனுப்புகிறார்களா? அங்கே பலகையில் இருப்பது போன காலத்தில் பகிர்ந்த இலாபம், வரப்போவதற்கான வாக்கு இல்லை. அதனால் அதை ஐந்து வருடத்துக்கு நீட்டிக் கணக்குப் போடுவது நான் செய்த அதே பிழை. மற்றது, வட்டி எடுக்காதவர்கள்கூட வட்டி கொடுத்துக்கொண்டிருக்கலாம். கிரெடிட் கார்ட் கடன் மாதம் 2 வீதம் என்றால் வருடத்துக்கு 24 என்று நினைக்கிறோம். கட்டாமல் விட்டால் மாதா மாதம் முதலோடு சேரும், 100,000 ரூபாய் பன்னிரண்டு மாதத்தில் 126,824. வைப்பென்றால் ஐந்து வருடத்துக்கு எளிய வட்டி, கடனென்றால் மாதா மாதம் கூட்டு வட்டி. இதைக் கேட்டதும் என் வகுப்பில் ஒரு பொடியன், "டீச்சர், அப்ப அவங்களுக்குக் கணக்கு நல்லாத் தெரியும்" என்றான்.

போன டிசம்பரில் புதுப்பிக்கப் போனபோது அன்ரி வங்கியிலிருந்து வட்டிப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஏ.ஈ.ஆர். கட்டத்தைச் சுற்றி விரலால் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். கீழே ஒரு வொய்ஸ் மெசேஜ்: "பிள்ளை, இந்த முறை நான் கேட்க முதலே அந்தப் பெட்டை இதைத்தான் காட்டினது. ஒரு வருஷத்துக்கு 8 என்று சொன்னது. வட்டியோட புதுப்பிக்கச் சொல்லிட்டு வாறன்."